பயணச் செலவுத் தாளை நிரப்பும் முறை

பயணச் செலவுத் தாளில் ஒரு டிக்கெட்டுக்கு நான்கு கட்டங்கள் போதும்: முன்பதிவு எண், பயண விவரம், கட்டணம், ரத்து விதி. நான்கும் டிக்கெட்டிலேயே இருக்கின்றன. அவற்றைப் போலவே வேடமிட்ட வேறு சிலவும் பக்கத்தில் இருக்கின்றன; கண் முதலில் விழுவது அவற்றின் மேல்தான்.

இணைய முகவரிடம் வாங்கிய விமான டிக்கெட்டில் எண்கள் மூன்று. கொட்டை எழுத்தில் மின்னுவது முகவரின் புக்கிங் ஐடி. விமான நிலையக் கவுன்ட்டரில் அதை யாரும் சீந்த மாட்டார்கள். அங்கே செல்லுபடியாவது ஆறு எழுத்து பி.என்.ஆர். மூன்றாவது, 13 இலக்க இ-டிக்கெட் எண்; முதல் மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும். ஏர் இந்தியாவுக்கு அது 098. எக்செல் அந்தப் பூஜ்யத்தை மதிப்பில்லாதது என்று சத்தமின்றி விழுங்கிவிடும். எண்ணை இடுவதற்கு முன்பே அந்தக் கட்டத்தை Text என மாற்றிவிட வேண்டும்.

ரயிலில் வம்பு தேதியால் வருகிறது. 15ஆம் தேதி 00:10 என்று அச்சாகியிருந்தால், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி இரவு. பயண விவரக் கட்டத்தில் ‘14, இரவுச் சாப்பாட்டுக்குப் பின்’ என்று எழுதுவது கணக்கர்களுக்குப் பிடிக்காது. ஆனால் வண்டி கிடைக்கும்.

கட்டணத்துக்கு ஓர் உதாரணம். நான்கு பேர் சென்னையிலிருந்து தில்லிக்குப் போகிறார்கள். அடிப்படைக் கட்டணம் ரூ.19,200, வரிகள் ரூ.4,400, முகவரின் வசதிக் கட்டணம் ரூ.1,400, கூப்பன் தள்ளுபடி ரூ.1,000. ஆகக் கட்டியது ரூ.24,000. ரத்துக் கட்டணம் ரூ.3,500 என்று ஒரு வரி இருக்கிறது. குடும்பத் தலைவர் உடனே ரூ.20,500 திரும்பும் என்று மனதில் வரவு வைத்துக்கொள்கிறார். ‘ஒரு பயணிக்கு’ என்ற சொல் அதன் கீழே, எறும்பு அளவில் இருக்கிறது. எனவே ரத்துக் கட்டணம் ரூ.14,000. முகவரின் ரத்துச் சேவைக்குத் தலைக்கு ரூ.300 வீதம் ரூ.1,200. வசதிக் கட்டணம் திரும்பாது. மிச்சம் ரூ.7,400. ஆகவே தாளில் ‘ரீஃபண்ட் உண்டு’ என்று எழுதுவதால் பயனில்லை. தொகையையே எழுத வேண்டும். ‘நான்-ரீஃபண்டபிள்’ டிக்கெட்டிலும் விமான நிலையப் பயனாளர் கட்டணமும் அரசு வரிகளும் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போடுவதும் தவறுதான்.

ஓட்டல் உறுதிச் சீட்டில் பெரிதாகத் தெரியும் தொகை பெரும்பாலும் ஓர் இரவுக்கானது, வரி தனி. ‘பே அட் பிராப்பர்ட்டி’ என்றிருந்தால் பணம் இன்னும் போகவில்லை, போகப்போகிறது. அதைக் கட்டிய தொகையோடு கூட்டக் கூடாது. இலவச ரத்துக்கான கெடு பொதுவாக ஓட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி. சிங்கப்பூர் அறைக்கு மாலை 6 மணி கெடு என்றால், சென்னையில் அது பிற்பகல் 3.30. தாளில் 3.30 என்றே இருக்கட்டும். ஆறு மணிதானே என்று மதியத் தூக்கம் போட்டு எழுபவருக்கு, தங்காத அறை ஒன்று சொந்தமாகியிருக்கும்.