வட்டியும் வாக்கும்

கேள்வி: மத்திய வங்கி வட்டி வீதத்தை அறிவித்தால் போதாதா? உள்ளே யார் எதற்கு வாக்களித்தார் என்பது நமக்கு எதற்கு?
(வாசகர், பேசாலை, மன்னார்)

பதில்: அறிவிப்பு இன்றைய வட்டியைச் சொல்லும், வாக்கு நாளைய வட்டியை உளறிவிடும்! அக்கரையைப் பாருங்கள். இந்திய ரிசர்வ் வங்கியின் அறுவர் குழு 2024 டிசம்பரில் வீதத்தை 6.5 சதவீதத்திலேயே நிறுத்தியது. ஆனால் வாக்கு 4-2. இருவர் கால் சதவீதம் குறைக்கக் கேட்டார்கள். கூட்டம் முடிந்து 14ஆம் நாள் வெளியான கூட்டக் குறிப்பில் அவர்களின் காரணங்கள் பெயரோடு வந்தன. குறைப்பு நெருங்குகிறது என்று சந்தை கணக்குப் போட அதுவும் ஒரு தடயம். 2025 பெப்ரவரியில் ஆறு பேருமே 6.25க்கு இறங்கினார்கள். இடையில் ஆளுநரே மாறினாரே என்பீர்கள். உண்மைதான், வாக்கு சோதிடமல்ல. பிளவைக் காட்டினால் சந்தை குழம்பாதா? குழம்பலாம், ஆனால் காரணம் தெரியாமல் வரும் திடீர் மாற்றம்தான் பத்திர விலையை அதிகம் உலுக்கும். 2023ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய நமது நாணயக் கொள்கைச் சபையும் பெயரோடு வாக்கை வெளியிடட்டும்.