மைக் பிடித்த மாமியார்

ஸ்காபரோவில் ஒரு கல்யாண ரிசெப்ஷன். மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பெண் பிராம்ப்டன் பஞ்சாபி. ஜோடி ஆடிக்கொண்டே மண்டபத்துக்குள் நுழைவதற்கும் சாப்பாட்டுக்கும் நடுவே, நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி: 'மாப்பிள்ளையின் தாயார் வரவேற்புரை, 3 நிமிடம்.' அந்த வரி ஒரு மாதமாக அம்மாவின் நித்திரையைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரில் மாப்பிள்ளையின் தாய்க்குப் பேச்சு எதற்கு? ஆலாத்தி எடுத்தால் வரவேற்பு முடிந்தது. ஆங்கிலேயர் கல்யாணத்திலும் வழமையாகப் பேசுபவர்கள் பெண்ணின் தகப்பன், மாப்பிள்ளை, மாப்பிள்ளைத் தோழன் என மூன்று ஆண்கள்தான். பஞ்சாபிகளின் மில்னிச் சடங்கும் வழமையில் ஆண்களுடையதே. இரு வீட்டாரும் உறவுக்கு உறவு மாலை மாற்றி, ஒருவரை ஒருவர் தூக்கிப் பார்ப்பார்கள். அன்று காலை குருத்வாரா வாசலில் மாப்பிள்ளையின் சித்தப்பாவை, பெண்ணின் சித்தப்பா தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குத் தூக்கிவிட்டார். நம்மவர் ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் மானத்தையும் பிடித்துக்கொண்டு தொங்கினார். பெண்கள் ஓரமாக நின்று படம் எடுத்தார்கள்.

ஆகவே மைக் என்பது புதிதாகக் கிடைத்த உரிமை. அம்மா அதை விடுவாரா? கொப்பியில் நான்கு பக்கம் எழுதிவிட்டார். வாசிக்கச் சொல்லி மகள் நேரம் பார்த்தாள். பதினொரு நிமிடம், அதுவும் தமிழில் மட்டும்.

"அம்மா, பசியோட இருக்கிற சனத்துக்கு முன்னால பதினொரு நிமிசமோ?"

"வந்த ஆக்களுக்கு நன்றி சொல்ல வேணாமோ பிள்ளை?"

ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லி உடனே ஆங்கிலத்திலும் சொன்னால் நேரம் இரட்டிப்பாகும். எந்த நேரமும் பாதி மண்டபம் போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் முதல் வணக்கமும் கடைசி வாழ்த்தும் தமிழில், நடுப்பகுதி ஆங்கிலத்தில், சம்பந்திகளுக்கு அவர்கள் மொழியில் ஒரு வணக்கம் என்று முடிவாயிற்று.

பிறகு வெட்டு. மொன்றியல் பெரியம்மாவில் தொடங்கி பாரிஸ் சித்தி வரை நீண்ட பெயர்ப் பட்டியல் முதலில் போனது. பட்டியலில் முப்பது பேரைச் சொல்லி ஒருவரை விட்டால், நினைவில் நிற்பது அந்த ஒருவர்தான். பெண்ணின் தாய் தகப்பன் பெயர் மட்டும் போதும், மற்றவர்கள் எல்லாம் 'கடல் தாண்டி வந்த உறவுகள்' என்றாள் மகள். ஏழு வயது வரை விரல் சூப்பிய கதையை மாப்பிள்ளையே சிவப்புப் பேனாவால் அடித்தார்.

'எங்கள் வீட்டுக்கு ஒரு மகள் வந்திருக்கிறாள்' என்ற வரியில்தான் சிக்கல் வந்தது. எல்லா மாமியார்களும் சொல்கிற வரி, ஒருவரும் ஆட்சேபிப்பதில்லை. அதுவரை பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.

"எங்கட ஊரில ஆர் ஆற்ற வீட்டுக்குப் போனது?"

கேள்வி நியாயமானது. யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் பெட்டியோடு அங்கே போய்ச் சேருவார். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையிலேயே சீதனத்துக்குத் தனி இடம் உண்டு. அப்பாவும் அப்படிப் பெட்டி தூக்கிப் போனவர்தான். இந்த ஜோடியோ மிசிசாகாவில் கடன் எடுத்து ஒரு கொண்டோ வாங்கிவிட்டது. இருவருமே யார் வீட்டுக்கும் வரப்போவதில்லை. கடைசியில் வரி இப்படி மாறியது: 'எங்கள் மகன் உங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவான். சாப்பாடு குடுத்து அனுப்புங்கோ.' பேச்சிலேயே உண்மையான வரி அதுதான்.

சம்பந்திகளின் பெயரை மணப்பெண்ணே சொல்லி ஒலிப்பதிவு அனுப்பினாள். சமைக்கும்போதெல்லாம் அம்மா அதைப் போட்டுக் கேட்டார். தாள் பிடித்தால் கை நடுக்கம் மண்டபம் முழுக்கத் தெரியும் என்பதால், பேச்சு ஐந்து தடித்த அட்டைகளுக்கு மாறியது.

ரிசெப்ஷன் இரவு அம்மா மைக்கோடு நேரே ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றார். அது கீச்சிட்டது. டிஜே ஓடி வந்து அவரை ஸ்பீக்கருக்குப் பின்னால் நகர்த்தி, மைக்கை நாடிக்கு ஒரு கைமுட்டி தூரத்தில் பிடிக்க வைத்தார். அதன்பின் எல்லாம் சரி. சாப்பாட்டு வரிக்குப் பெண் வீட்டார் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். மூன்றாவது அட்டையில் "சத் ஸ்ரீ அகால்" என்றார். முந்நூறு பேர் பதில் குரல் எழுப்ப, பேச்சு முடிந்தது என்று நினைத்த டோல்காரர் அடிக்கத் தொடங்கிவிட்டார். பிராம்ப்டன் அத்தைமார் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டக்களத்துக்கு இழுத்துப் போனார்கள். மிச்சம் இரண்டு அட்டைகள் கைப்பைக்குள் போயின.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மொன்றியல் பெரியம்மா, தங்கியிருந்த ஹோட்டலிலிருந்து போன் எடுத்தார்.

"என்ர பேர் வரேல்லையே?"

"நான் ஒருத்தற்ற பேரும் சொல்லேல்லை அக்கா."

"பொம்பிளையின்ர தாய் தேப்பன்ர பேர் சொன்னனீதானே?"