சி.வை.தா.வின் இளமையை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எழுதி முடிப்பது எப்படி?

கொரட்டூர் ஏரிக்கரையில் காலை நடை போகிறவர்களில் ஓய்வுபெற்றவர்கள் அதிகம். ஓய்வுபெற்றவரிடம் விழா மலருக்குக் கட்டுரை கேட்பது தமிழ்ச் சங்கங்களின் வழக்கம். "சி.வை. தாமோதரம்பிள்ளையின் இளமைக்காலம். நாலு பக்கம். திங்கட்கிழமைக்குள் வேண்டும் சார்" என்று உங்களுக்கும் ஒரு நாள் போன் வரும். கலித்தொகையை அச்சேற்றியவர், புரசைவாக்கத்தில் 1901 சனவரி முதல் நாள் காலமானவர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். புரசைவாக்கம் நமக்கு ஒரு பஸ் தூரம். ஆனால் இளமை கழிந்தது யாழ்ப்பாணத்தில். அதற்குச் சாட்சி, அமெரிக்க மிஷனரிகள் பாஸ்டன் நகரத்துக்கு எழுதி அனுப்பிய அறிக்கைகள். கவலை வேண்டாம். கீழே சொல்லும்படி செய்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கட்டுரை தயார்.

முதல் வேலை, அறிக்கையைத் திறப்பதற்கு முன்பே முடிவை எழுதிவிடுவது. மலர் வெளியிடுவது சைவச் சபை என்றால், "பிஞ்சிலேயே சைவம் கனிந்தவர், பாதிரிமார் வலையில் சிக்காதவர்". திருச்சபை என்றால், "மிஷன் பள்ளி செதுக்கிய மாணிக்கம்". இரண்டுக்கும் அறிக்கையில் இடம் உண்டு. நூற்றுக்கணக்கான பக்கங்களில் எதற்குத்தான் இடம் இருக்காது?

அடுத்தது தேடல். archive.org தளத்தில் Missionary Herald என்று தட்டினால் அமெரிக்க மிஷன் சங்கத்தின் மாத இதழ் ஆண்டு வாரியாக வந்துவிடும். அதில் Thamotharampillai என்று தேடுங்கள். ஒன்றும் வராது. உடனே "இருட்டடிப்பு" என்று ஒரு பத்தி எழுதிவிடலாம். பெரும்பாலோர் இங்கேதான் நிறுத்துகிறார்கள். நீங்களும் நிறுத்தினால் யாரும் கேட்கப்போவதில்லை.

நிறுத்த மனம் வராத பிடிவாதக்காரர்களுக்கு மட்டும் மேலே சொல்கிறேன். அந்த இதழில் தமிழ் என்பதே Tamul. வட்டுக்கோட்டை Batticotta, தெல்லிப்பழை Tillipally, உடுவில் Oodooville, மானிப்பாய் Manepy, பண்டத்தரிப்பு Panditeripo. ஊரே இந்தப் பாடு படும்போது ஆள் பெயர் என்ன பாடு படும்? சி.வை. என்பது சிறுப்பிட்டி வைரவநாதர். ஆங்கிலத்தில் அவர் C. W. என்று போட்டுக்கொண்டார். வைரவநாதர் அங்கே W-வில் தொடங்குகிறார். மகனைத் தேடுவதைவிட ஆசிரியராக இருந்த தகப்பனாரைத் தேடுவது பலன் தரலாம். மிஷன் நிலையங்களின் அறிக்கைகளில் உள்ளூர் ஆசிரியர்களும் உதவியாளர்களும் இடம்பெறுவதுண்டு. பையன்களோ பெரும்பாலும் வெறும் எண்ணிக்கை. Vyra, Wyra, Vaira என்று முதல் நாலைந்து எழுத்தை மட்டும் போட்டுத் தேடுங்கள். முழுப் பெயரைப் போட்டால் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் கணினி கையை விரித்துவிடும். பழைய அச்சைக் கணினி படிக்கும் லட்சணம் வேறு இருக்கிறது. ஆகவே சந்தேகம் வந்தால் தேடுபெட்டியை விட்டுவிட்டு, Ceylon என்று தலைப்பிட்ட பகுதியைக் கண்ணால் ஒருமுறை படித்துவிடுவதே மேல்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. விடுதியில் தங்கிப் படித்த பையனுக்கு அமெரிக்காவில் ஒரு கொடையாளர் ஆண்டுதோறும் பணம் கட்டுவார். அதற்குப் பதிலாகப் பையனுக்குத் தனக்குப் பிடித்த பெயரைச் சூட்டும் உரிமை அவருக்கு உண்டு. தன் பெயரையோ, ஊர்ப் போதகர் பெயரையோ, இறந்துபோன மகன் பெயரையோ வைப்பார். மானிப்பாய் சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். விசுவநாத பிள்ளை கரோல் ஆனார். மூவரும் வட்டுக்கோட்டை செமினரி மாணவர்கள், மூவரும் பிற்காலத்தில் தமிழ் உலகம் அறிந்தவர்கள். 1886-இல் வந்த 'பாவலர் சரித்திர தீபகம்' அந்த ஆர்னல்டின் நூல்தான். நெவின்ஸ் என்று தேடிப் பாருங்கள். பால்டிமோர் நகரத்துப் பிரஸ்பிடேரியன் போதகர் ஒருவர் வந்து நிற்பார். அவருடைய பிரசங்கத்தை எடுத்து நியாய இலக்கணம் எழுதிய நம் சிதம்பரப்பிள்ளையின் பாலியப் பேச்சாகப் போட்டுவிடலாம். கட்டுரைக்கு ஆழம் கூடும்.

வேறு மாதிரியாகவும் செய்யலாம். இதழின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் நன்கொடைப் பட்டியல் இருக்கும். இன்ன ஊர்ப் பெண்கள் சங்கம், சிலோனில் இன்ன பெயருள்ள பிள்ளைக்காக, இவ்வளவு டாலர் என்று போட்டிருப்பார்கள். ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாகத் தாண்டிப் போகிற பக்கம் அது. ஒரு பெயர் எந்த ஆண்டில் பட்டியலில் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று குறித்துக்கொண்டால், அந்தப் பெயருடைய பிள்ளை மிஷன் விடுதிக்கு எப்போது வந்தான் என்று உத்தேசமாகத் தெரியும். உத்தேசம்தான். பையன் இறந்தாலோ ஓடிப்போனாலோ, கட்டிய பணம் வீணாகக் கூடாதென்று அதே பெயரை இன்னொரு பையனுக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. எனவே பெயர் தொடர்ந்து வருவதால் ஆளும் தொடர்கிறான் என்று நினைக்கக் கூடாது. வயதும் வகுப்பும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பத்து ஆண்டு கழித்தும் ஒரு பையன் கீழ்வகுப்பிலேயே இருந்தால் அவன் மக்கு என்று எழுத வேண்டாம். அவன் இரண்டாவது பையன்.

இனி ஆண்டுக் கணக்கு. சி.வை.தா. 1832-இல் பிறந்தவர், 1844 முதல் 1852 வரை வட்டுக்கோட்டையில் படித்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அப்படியானால் 1844-ஆம் ஆண்டு இதழை எடுத்து அவர் சேர்ந்த செய்தியைத் தேடுவோம் என்று கிளம்புவீர்கள். நல்லது, கிளம்புங்கள். யாழ்ப்பாணத்தில் எழுதிய கடிதம் பாஸ்டன் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆகும். அங்கே ஆசிரியர் வெட்டி ஒட்டி அச்சுக்கு அனுப்புவார். 1844-இல் நடந்தது 1845 இதழிலும் வரலாம், அதற்கு அப்புறமும் வரலாம். இதழ்மேல் உள்ள தேதியைச் சம்பவத்தின் தேதியாக எழுதுவது நம் விழா மலர்களில் நீண்ட நாள் மரபு. அதை முறிக்க விரும்புகிறவர்கள் கடிதத்தின் தலையில் உள்ள தேதியைப் பாருங்கள். "சென்ற ஆண்டு" என்று கடிதம் சொன்னால் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

இப்போது சாரமான பகுதி. அறிக்கை யாருக்காக எழுதப்பட்டது? நியூ இங்கிலாந்து கிராமத்தில் தையல் விற்றுக் காசு சேர்த்த பெண்களுக்காக. காசு கொடுத்தவர் அடுத்த ஆண்டும் கொடுக்க வேண்டும். ஆகவே பையன் மிஷன் வாசலுக்கு வரும்வரை ஒரே இருட்டு. வந்தபின் கண்ணீர், ஜெபம், வெளிச்சம். 1824-இல் யாழ்ப்பாண மிஷன் பள்ளிகளில் எழுந்த மறுமலர்ச்சியைப் பற்றிய கடிதங்களைப் படித்தால் இந்த அச்சு கைவந்துவிடும். பையன் வீட்டுத் திண்ணையில் நிகண்டு படித்ததோ, சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் இலக்கணம் கேட்டதோ பாஸ்டன் வாசகருக்கு எதற்கு? சி.வை.தா. பின்னாளில் தொல்காப்பியத்தையும் சூளாமணியையும் பதிப்பிக்க அடிப்படையாக இருந்தது அந்தத் தமிழ்ப் படிப்பு. அறிக்கையில் அதன் வாசனைகூட இருக்காது. அறிக்கை பேசாததால் அது நடக்கவில்லை என்று எழுதுங்கள். அல்லது, ரகசியமாக நடந்தது என்று எழுதுங்கள். இரண்டும் ஒரே தரமான தப்பு.

ஒன்றை மட்டும் கிண்டல் இல்லாமல் சொல்லிவிடுகிறேன். அவர் படித்த ஆண்டுகள் செமினரியின் கடைசிக் காலம். 1823-இல் டேனியல் பூர் தலைமையில் தொடங்கிய காலத்தில், ஆங்கிலமும் கணிதமும் வானவியலும் படித்த மாணவன் அரசாங்க வேலைக்குப் போனால் அது மிஷனின் செல்வாக்கு. ஐம்பதுகளில் அதே செய்தி ஒரு புகார்: பையன்கள் ஆங்கிலம் கற்றுச் சம்பளத்துக்குப் பறக்கிறார்கள், ஊழியத்துக்கு வருவதில்லை. சங்கத்தின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்தார். 1855-இல் செமினரி மூடப்பட்டது. பையன்களின் நடத்தை மாறியிருக்கலாம், மாறாமலும் இருந்திருக்கலாம். பாஸ்டனின் கொள்கை மாறியது உறுதி. ஆகவே 1850-ஐ ஒட்டிய அறிக்கையில் மாணவர்களின் பேராசையைப் பற்றி ஒரு வரி கண்டால், அதைச் சி.வை.தா.வின் குணமாக எடுத்துக்கொள்ளாமல், அதே கல்லூரியைப் பற்றிய 1830-களின் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே செயலுக்கு இரண்டு தொனி தெரிந்தால், தொனியைக் கழித்துவிட்டுச் செயலை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அச்சில் உள்ளதே முழுக் கடிதம் என்று நம்புவதும் சௌகரியமான வழிதான். மூலக் கையெழுத்துகள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. பாஸ்டனில் வெட்டியது என்ன என்பதை அங்கேதான் பார்க்க முடியும். கொரட்டூர் ஸ்டேஷனிலிருந்து அங்கே நேரடி ரயில் இல்லை என்பதால், "அச்சிட்ட பகுதியின்படி" என்று இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள். அந்த இரண்டு சொல் போட்ட விழா மலரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்னொரு குறுக்குவழி, அமெரிக்க அறிக்கையோடு நிறுத்திக்கொள்வது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்கர், வெஸ்லியர், ஆங்கிலிக்கர் என்று மூன்று புராட்டஸ்டன்ட் கடை இருந்தன. செமினரியை விட்டதும் சி.வை.தா. கோப்பாயில் ஆசிரியர் ஆனார். அது ஆங்கிலிக்கச் சங்கம் காலூன்றிய இடம். பிறகு சென்னைக்கு அழைத்துத் 'தினவர்த்தமானி'யில் அமர்த்தியவர் பெர்சிவல் பாதிரியார். அவரோ வெஸ்லியராக வந்து ஆங்கிலிக்கரானவர். ஒரு சங்கத்தின் அறிக்கையில் காணாமல்போன ஆள் செத்துப்போகவில்லை, வேறு சங்கத்துக் கணக்கில் ஏறியிருக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர், கரோல் விசுவநாத பிள்ளையும் தாமோதரம்பிள்ளையும். இருவரும் பிற்பாடு சைவத்தில் நின்றவர்கள். நன்கொடையாளருக்குச் சொல்லத் தக்க முடிவு அல்ல அது.

இவ்வளவும் செய்து முடித்தால் கையில் மிஞ்சுவது என்ன? எந்தப் பள்ளி, ஏறக்குறைய எந்த ஆண்டுகள், யார் ஆசிரியர், என்ன பாடம், வகுப்பில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் திருச்சபை உறுப்பினர். அவ்வளவுதான். பன்னிரண்டு வயதுப் பையன் மனத்தில் என்ன ஓடியது என்பது அதில் இல்லை. நாலு பக்கம் நிரம்பாது, ஒன்றரைப் பக்கம் தேறும். மீதியைச் சங்கச் செயலாளர் விளம்பரத்தால் நிரப்பிக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாண வேர் உள்ள குடும்பம் உங்களுடையதாக இருந்து, ஒரே ஆளின் தமிழ்ப் பெயரும் மிஷன் பெயரும் சேர்ந்து எழுதிய ஞானஸ்நானச் சீட்டோ, கல்யாணப் பதிவோ, வேதப்புத்தகத்தின் முதல் ஏட்டுக் குறிப்போ பரணில் கிடந்தால், அதை ஸ்கேன் செய்து noolaham.org நடத்துகிறவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். பாஸ்டன் அறிக்கைகளில் பெயர் தொலைந்த பையன்களைக் கண்டுபிடிக்க அந்த மாதிரிக் காகிதம்தான் உதவும்.