முதல் ஆளுக்குச் செலவில்லை

கேள்வி: மூன்று மின்துகள்களை முக்கோணத்தின் முனைகளில் ஒவ்வொன்றாக வைத்தால், முதலாவதுக்கு வேலை பூஜ்யமாமே! அதென்ன அதற்கு மட்டும் சலுகை?
– பிளஸ் டூ மாணவர், தூத்துக்குடி

பதில்: சலுகையெல்லாம் இல்லை. காலி வீட்டில் சண்டை போட யார் இருக்கிறார்கள்? பக்கம் 10 செ.மீ. கொண்ட சமபக்க முக்கோணம். ஒவ்வொன்றும் +1 மைக்ரோகூலூம் என்று வைப்போம். வெகுதொலைவிலிருந்து முதலாவது வரும்போது தடுக்க ஆளில்லை: வேலை 0. இரண்டாவதை முதலாவது விரட்டும்: 0.09 ஜூல். மூன்றாவதை இருவரும் சேர்ந்து விரட்டுவார்கள்: 0.18 ஜூல். மொத்தம் 0.27.

வரிசையை மாற்றினாலும் மொத்தம் மாறாது. மூன்று முனைக்கு மூன்றே ஜோடி, ஜோடிக்கு 0.09. உங்களுக்கு 0.54 வந்தால், ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு முறை மொய் எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தம்!

மூன்றாவது மட்டும் –1 மைக்ரோகூலூம் என்றால்? ஈர்க்கும் ஜோடி இரண்டு, விரட்டும் ஜோடி ஒன்று; மொத்தம் –0.09 ஜூல். அதாவது, கூட்ட அல்ல, பிரிக்கத்தான் நாம் உழைக்க வேண்டும். உங்கள் ஊர் உப்பளத்து உப்பில் சோடியம், குளோரைடு அயனிகள் படிகமாகச் சேர்ந்து நிற்பதும் இந்தக் கழித்தல் குறியின் தயவில்தான். உப்பிட்டவரை மறக்கலாம், குறியை மறந்தால் மதிப்பெண் போய்விடும்!