"கே-4 போதவில்லை" என்று திரும்பி வந்த வினாத்தாள் குறித்து

பெறுநர்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்

ஐயா,

"கே-4 போதவில்லை" என்று சிவப்பு மையில் எழுதித் தாங்கள் திருப்பிய டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வினாத்தாளை அன்று மாலையே சரிசெய்துவிட்டேன். "பைனரி தேடலை விளக்குக" என்றிருந்ததைப் "பைனரி தேடலைப் பகுப்பாய்க" என்று மாற்றினேன். கே-2 கே-4 ஆகிவிட்டது. இன்னொரு வினாவில் "எழுதுக" என்பதை அடித்து "மதிப்பிடுக" என்று போட்டேன். அது நேராகக் கே-5க்கே ஏறிவிட்டது. விடைகள் மட்டும் அசையவில்லை. இரண்டும் வகுப்பு நோட்ஸில் வரி மாறாமல் இருக்கின்றன. ஆய்வுக் குழுவும் ஒப்புதல் தந்துவிட்டது.

அதே குழு என் இன்னொரு வினாவைக் கே-1 என்று தள்ளியதுதான் வருத்தம். வினா இது: "7, 3, 9, 1, 5 என்ற பட்டியலில் 1-ஐப் பைனரி தேடல் மூலம் தேடினால் என்ன கிடைக்கும்? காரணம் கூறுக." தங்கள் வினைச்சொல் பட்டியலில் "கூறுக" முதல் படியில் இருப்பதால், அது மனப்பாடம் என்று முடிவாயிற்று. மாணவர் என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். நடுவில் இருப்பது 9. 1 அதைவிடச் சிறியது என்று இடப்பக்கம் போகிறது தேடல். அங்கே 7, 3. இந்த இரண்டில் நடுவாக 7-ஐ எடுத்து, 1 அதைவிடவும் சிறியது என்று மறுபடி இடப்பக்கம் போனால் அங்கே ஒன்றுமில்லை. கண்ணெதிரே இருக்கும் 1-ஐ "இல்லை" என்கிறது நிரல். பட்டியல் வரிசைப்படுத்தப்படவில்லை என்பதையும், ஒவ்வொரு ஒப்பீடும் அந்த வரிசையை நம்பியே பாதியைத் தூக்கிப் போடுகிறது என்பதையும் மாணவர் தாமே கண்டுபிடித்தாக வேண்டும். ஆனால் நான் இதையே வகுப்பில் போட்டுக் காட்டியிருந்தால் இது நிஜமாகவே கே-1தான். அடுத்த ஆண்டு வினா வங்கியில் அச்சேறியதும் எப்படியும் கே-1 ஆகிவிடும். வினாவின் படி, வகுப்பில் என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. அதைக் குறிக்க வினாத்தாளின் வலது ஓரத்தில் கட்டம் இல்லாதது யார் குற்றமும் அல்ல.

1956-இல் பெஞ்சமின் ப்ளூம் குழுவினர் இந்தப் படிகளை வெளியிட்டபோது மேல்படியில் மதிப்பிடல் இருந்தது. 2001 திருத்தத்தில் படைத்தல் அதற்கும் மேலே போயிற்று. அவர்கள் வகுத்தது மாணவர் செய்யும் சிந்தனையை. நம் அலுவலகம் அதை வினைச்சொல் அகராதியாக எளிமைப்படுத்தியிருக்கிறது.

அடுத்து, தாங்கள் பெருமையோடு கோப்பில் வைத்திருக்கும் சமநிலை அட்டவணை. பகுதி அ-வில் பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள், மொத்தம் 20, எல்லாம் கீழ்ப்படி. பகுதி ஆ-வில் 13 மதிப்பெண்ணுக்கு ஐந்து வினாக்கள், ஒவ்வொன்றிலும் (அ) அல்லது (ஆ). என் தாளில் (அ) எல்லாம் கே-2, (ஆ) எல்லாம் கே-4. பகுதி இ-யில் 15 மதிப்பெண் வினா ஒன்று, அதிலும் (அ) கே-5, (ஆ) கே-3. அச்சிட்ட வினாக்கள் எல்லாவற்றையும் கூட்டினால் 180 மதிப்பெண். தங்கள் அட்டவணை கணக்குப் போட்டது அந்த 180-க்கு: கீழ்ப்படி 85, அதாவது ஏறக்குறைய 47 சதவீதம். கே-4ம் கே-5ம் சேர்ந்து 80, அது 44 சதவீதம். அழகான சமநிலை.

தேர்வு எழுதுபவரோ 100-க்குத்தான் எழுதுகிறார். பகுதி ஆ-வில் (அ)-க்களையும் பகுதி இ-யில் (ஆ)-வையும் எடுக்கும் மாணவருக்குக் கீழ்ப்படி 85, கே-3 15. அதற்கு மேலே ஒரு மதிப்பெண் கூட இல்லை. மாற்றி எடுத்தவருக்குக் கே-4 65, கே-5 15. ஒரே அறையில், ஒரே மணியடித்து, இரண்டு வேறு தேர்வுகள் நடந்து முடிந்திருக்கின்றன. விவரம் தெரிந்த பிள்ளைகள் எதை எடுப்பார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. "அல்லது" என்ற சொல்லுக்கு இருபுறமும் ஒரே படி இருக்க வேண்டும், கணக்கை 100-க்குப் போட வேண்டும் என்று கேட்டால், மென்பொருள் அதற்கு இடம் தராது என்று தங்கள் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

கடைசியாக விடைக்குறிப்பு. நான் "மதிப்பிடுக" என்று மாற்றிய அந்த 15 மதிப்பெண் வினாவுக்கு அச்சான குறிப்பு: வரையறை 3, படம் 4, விளக்கம் 8. எந்த முறை மேலானது, ஏன் என்று தீர்ப்புச் சொன்னவருக்கு எத்தனை என்று தேடினேன், காணோம். படத்தை மறந்து தீர்ப்பை எழுதிய மாணவருக்கு 4 குறையும். அந்த 4-ஐ எந்தப் படியில் கழிக்க வேண்டும் என்று மட்டும் சுற்றறிக்கையில் தெரிவித்தால், விடைத்தாள் திருத்தத் தொடங்கிவிடுவேன்.

இப்படிக்கு,
வினாத்தாள் தயாரித்த விரிவுரையாளர்

இணைப்பு: திருத்திய வினாத்தாள் (வினைச்சொற்கள் மட்டும்)