சிக்னல் இல்லாமல் போவது எப்படி?

மன்னார்குடியிலிருந்து பெரியப்பா கூப்பிடுகிறார். முதல் நிமிடம் நலம் விசாரிப்பு, அடுத்து மேட்டூர் அணையின் நீர்மட்டம், அதற்கடுத்து குறுவைக்கு யூரியா கிடைக்காத கதை. அது முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்பறம் தம்பி, உன் கல்யாண விஷயமா ஒண்ணு கேக்கணுமே" என்கிறார். இந்த இடத்தில் நம் மக்கள் கையில் எடுக்கும் ஆயுதங்கள் மூன்று. "ஹலோ, கேக்குதா?", "ஒரு நிமிஷம் இருங்க", "அப்புறம் கூப்பிடறேன்."

ஆயுதங்களில் குறையில்லை. பிடிக்கத் தெரியாமல் பிடிக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். பொய் சொல்வது என்று முடிவாகிவிட்டால், போன் எப்படி வேலை செய்கிறதோ அதற்கு ஒத்துப்போகிற பொய்யாகச் சொல்ல வேண்டாமா? அதற்காகத்தான் இந்தக் கையேடு.

முன்பு இதெல்லாம் தேவைப்படவில்லை. எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். "பில் ஏறுது, வெச்சிடறேன்" என்றால் எந்த உறவும் கோபித்துக்கொள்ளாது. 1995இல் இந்தியாவுக்கு செல்போன் வந்தபோது கூப்பிடுகிறவருக்கு மட்டுமல்ல, எடுக்கிறவருக்கும் காசு போனது. 2003இல்தான் வருகிற அழைப்பு இலவசமானது. 2016க்குப் பிறகு போகிற அழைப்பும் மாதக் கட்டணத்துக்குள் அடங்கிவிட்டது. இனி காசைக் காரணம் காட்டி யாரும் போனை வைக்க முடியாது. பாரம் முழுவதும் சிக்னலின் தலையில் விழுந்துவிட்டது.

ஆகவே முதல் பாடம் சிக்னல். இதில் ஆரம்பப் பள்ளிக்காரர்கள் செய்கிற காரியம், வாயாலேயே "கர்ர்... கொர்ர்..." என்று சத்தம் கொடுப்பது. அந்தக் கரகரப்பு பழைய கம்பி போனுக்கு உரியது. இன்றைய செல்போன் உங்கள் குரலை நொடிக்கு 50 துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. சிக்னல் மோசமானால் துண்டுகள் சில போய்ச் சேருவதில்லை. ஒன்றிரண்டு தொலைந்தால் கேட்கிற பக்கத்துப் போன் முந்தைய துண்டை வைத்து ஒப்பேற்றிவிடும், குரல் கொஞ்சம் இயந்திரம் மாதிரி இழுபடும். நிறையத் தொலைந்தால் மௌனம். கரகரப்பு எங்கேயும் கிடையாது. எழுபது வயதுப் பெரியப்பாவுக்கு இந்த விவரம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பக்கத்தில் பிளஸ் டூ படிக்கிற பேத்தி உட்கார்ந்திருப்பாள்.

துண்டு போவதற்கு இலக்கணம் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். "நான் நாளைக்கு... பேசறேன்... பெரியப்பா" என்று சொல்லுக்குச் சொல் நிறுத்தினால் அது நாடக வசனம். "நான் நாளைக்... சறேன் பெரி..." என்று எழுத்தின் நடுவில் அறுபட வேண்டும். குளியலறையில் தனியாகப் பழகிக்கொள்ளலாம்.

அடுத்தது, யாருக்குக் கேட்காமல் போக வேண்டும் என்பது. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். "நீங்க பேசறது கேக்கல, கேக்கல" என்று கத்துகிறார்கள். செல்போன் கோபுரம் இருபது, நாற்பது வாட் சக்தியில் ஒலிபரப்புகிறது. உங்கள் கையில் உள்ள 4ஜி போன் உச்சபட்சமாகத் தருவது வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதனால் நீங்கள் சிக்னல் குறைந்த இடத்தில் நின்றால் பெரும்பாலும் முதலில் படுப்பது உங்கள் குரல்தான். அவர் பேசுவது உங்களுக்குக் கணீரென்று கேட்கும், நீங்கள் பேசுவது அவருக்குப் போகாது. ஆகவே கத்த வேண்டிய ஆள் பெரியப்பா. நீங்கள் செய்ய வேண்டியது, மைக்கை அணைத்துவிட்டு அமைதியாக இருப்பது. "ஹலோ, தம்பி, கேக்குதாடா? நான் பேசறது கேக்குதா?" என்று அவர் கேட்பார். பதில் சொல்ல நாக்கு துடிக்கும். அடக்குங்கள். நிஜமாகவே தொடர்பு அறும்போது போன் உடனே கட் ஆவதில்லை. சில விநாடிகள் திரையில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், சத்தம் மட்டும் இருக்காது. "என்னமோ சிக்னல் இல்ல போலிருக்கு" என்று அவரே வைக்கட்டும். பழி கம்பெனிக்காரன் மேல் போகும், புண்ணியம் நமக்கு.

வைத்த கையோடு திரும்பக் கூப்பிடுவார். அதற்குத் தயாராக இல்லாதவர்கள் இந்தத் தொழிலுக்கே வரக்கூடாது. மணி நன்றாக அடித்தால் சிக்னல் இருக்கிறது என்றுதானே பொருள்? அதற்குப் பயந்து சிலர் போனையே அணைக்கிறார்கள். முறையாக அணைக்கிற போன் நெட்வொர்க்கிடம் சொல்லிக்கொண்டுதான் போகும். பெரியப்பாவுக்கு "ஸ்விட்ச் ஆஃப்" என்று அறிவிப்பு வரும். சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போன போனுக்குத்தான் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்கிற கௌரவம். எனவே சிக்னல் இல்லை என்று சொன்னவர் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கக்கூடாது. சிக்னல் இல்லாமல் போவதற்கு ஆகச் சிறந்த வழி, சிக்னல் இல்லாத இடத்துக்குப் போவதுதான். அலுவலகத்தின் பழைய இரும்பு லிஃப்ட், அடுக்குமாடியின் பாதாள வண்டி நிறுத்தம் இரண்டும் உத்தமம். இந்த முறையில் பொய்யே சொல்ல வேண்டியதில்லை என்பது கூடுதல் சௌகரியம்.

சில நாள் உண்மையாகவே உங்கள் குரல் யாருக்கும் கேட்காமல் போகும். அப்போது யாரும் நம்ப மாட்டார்கள், அது வேறு விஷயம். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிப் பாருங்கள். பல போன்களில் ஸ்பீக்கரில் பேசும்போது வேறொரு மைக் வேலை செய்யும். அப்போது மட்டும் கேட்கிறது என்றால், போனின் அடியில் இருக்கிற குண்டூசித் துளை மைக்கில் சட்டைப்பைத் தூசு அடைத்திருக்கிறது, அல்லது புதிதாக வாங்கிய கவர் அதை மூடியிருக்கிறது. ஊசியை விட்டுக் குத்தாதீர்கள். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும்.

இரண்டாவது ஆயுதம், "ஒரு நிமிஷம் இருங்க." இதைச் சொல்லிவிட்டு உள்ளங்கையால் போனைப் பொத்திக்கொள்வது நம் பரம்பரை வழக்கம். கறுப்பு டெலிபோனில் பேசுகிற குழல் ஒன்றுதான், பொத்தினால் ஓரளவு பலித்தது. இப்போதைய போன்களில் கீழே ஒரு மைக், சுற்றுப்புறச் சத்தத்தைக் கழிப்பதற்காக மேலேயோ முதுகிலோ இன்னொன்று. கீழே பொத்தினால் மேலே கேட்கும். "யாருங்க, உங்க அக்காவா? நான் தூங்கறேன்னு சொல்லுங்க" என்று சமையலறையிலிருந்து வருகிற குரல் அக்காவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எத்தனை குடும்பங்களில் தீபாவளிச் சீர் நின்றதற்குக் காரணம் இந்த இரண்டாவது மைக் என்று யாராவது ஆராயலாம்.

திரையில் மைக்கை அணைக்கிற பொத்தான் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதிலும் ஒரு கண்ணி உண்டு. மிக்ஸி ஓடுகிறது, டிவியில் சீரியல் அழுகிறது, பால் குக்கர் விசில் அடிக்கிறது. பொத்தானை அழுத்திய கணம் இத்தனையும் ஒரே வெட்டாக நின்று வீடு மயானமாகிவிடும். அக்கா காது கூர்மையான காது. மைக்கை அணைக்கும் முன் மிக்ஸியை அணைப்பதுதான் முறை. ஹோல்டில் போடுவதோ இன்னும் மோசம். அழைப்பு காத்திருப்பில் இருக்கிறது என்று ஒரு பெண் குரல் அவருக்குச் சொல்லும், அல்லது பாட்டுப் போடும். வங்கிக்காரர் நம்மை ஹோல்டில் போடலாம். நாம் அத்தையை ஹோல்டில் போட்டால் அது அடுத்த கல்யாணப் பந்தி வரை பேசப்படும்.

மூன்றாவது ஆயுதம்தான் பிரம்மாஸ்திரம். "அப்புறம் கூப்பிடறேன்." இதில் எச்சரிக்கை ஒன்றே ஒன்று. மணி சொல்லாதீர்கள். "பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்" என்றால் அது கடன் பத்திரம், பதினோராவது நிமிடம் வசூலுக்கு வந்துவிடுவார்கள். வெறும் "அப்புறம்" என்பதற்குத் தவணைத் தேதி கிடையாது.

ஆனால் இதை எந்த இடத்தில் சொல்வது என்பது பெரிய வித்தை. பேச்சு தானாக முடிவதில்லை, இரண்டு பேரும் சேர்ந்துதான் அதை முடித்துவைக்கிறார்கள் என்று இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1973இல் ஒரு கட்டுரையில் காட்டினார்கள். முடிக்க நினைக்கிறவர் சும்மா ஒரு "சரி" போடுவார். எதிரில் இருப்பவரும் "சரி" என்றால் வாசல் வரை வந்தாயிற்று. ஆனால் அந்த "சரி", விட்டுப்போனது ஏதாவது இருந்தால் இப்போது சொல்லலாம் என்று எதிராளிக்குக் கொடுக்கிற வாய்ப்பும்தான். நம் ஊரில் அது இப்படிப் போகும்:

"சரி பெரியப்பா."

"சரிப்பா. வேளாவேளைக்குச் சாப்புடு."

"சரிங்க பெரியப்பா. அப்புறம் கூப்பிடறேன்."

"சரி சரி. வேற?"

"வேற ஒண்ணுமில்லீங்க பெரியப்பா."

"ம்... ஒண்ணுமில்ல, பெரியம்மாவுக்கு நேத்து கொஞ்சம் மூச்சு வாங்குச்சு. தஞ்சாவூர் அழைச்சிட்டுப் போயிருந்தோம். நாளைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்க."

மேட்டூர் அணை, யூரியா, உங்கள் கல்யாணம் எல்லாம் இதைச் சொல்வதற்குத் தைரியம் வருகிற வரைக்கும் பேசியது. முதல் "சரி"யில் இந்தச் செய்தி வராது, இரண்டாவதிலும் வராது. "ஒண்ணுமில்ல" என்று தொடங்கினால் விஷயம் இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனவே லிஃப்ட்டுக்குள் நுழைவதாக இருந்தால் "வேற?" என்பதற்குப் பதில் வந்த பிறகு நுழையுங்கள். ஸ்கேன் எத்தனை மணிக்கு, கூட யார் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, இந்த முறை மட்டும் மணி சொல்லுங்கள். சொன்ன மணிக்குக் கூப்பிடவும் கூப்பிடுங்கள்.

கடைசியாக, வைக்கிற முறை. சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் போனை மேசையில் போட்டுவிட்டு "அப்பாடா" என்று சொல்பவர்கள் நம்மில் அதிகம். விரல் ஈரமாக இருந்தால் தொடுதிரை அதைக் கண்டுகொள்ளாது. அழுத்திய பிறகு திரையைப் பாருங்கள், ஓடுகிற நேரம் நின்றிருக்க வேண்டும். கட் ஆகாத போனில் "அப்பாடா" சொன்னவரைக் காப்பாற்ற இந்தக் கையேட்டில் வழி எதுவும் இல்லை.