எங்கே ‘வாஹ்’ சொல்வது? கயால் கேட்கப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

புனேயில் ஒரு கயால் கச்சேரிக்கு ஓசி டிக்கெட் கிடைத்திருக்கிறது; அதுவும் முன்வரிசை. பக்கத்து இருக்கைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சரியான இடத்தில் ‘வாஹ்’ என்கிறார். நீங்களும் விஷயம் தெரிந்தவராகக் காட்சி தர வேண்டும். பாடப்போவது தர்பாரி என்று வைத்துக்கொள்வோம். கீழ்க்கண்டவற்றைத் தவறாமல் கடைப்பிடிக்கவும்.

1. தொடையில் தாளம் போடாதீர்கள். முதலில் வருவது படா கயால், அதாவது விளம்பித காலம். ஏக்தாலில் 12 மாத்திரை. மாத்திரைக்கு நான்கு விநாடி என்றால் ஓர் ஆவர்த்தனம் முடிய 48 விநாடி. சபா பழக்கத்தில் விரலை எண்ண ஆரம்பித்தால் பாதி வழியில் கணக்கு உதைத்து மானம் போகும். அதற்குப் பதில் தபேலாவைக் கேளுங்கள். ‘திரகிட’ என்ற சொற்கட்டு ஒரு சுற்றில் இரண்டே முறை, 4ஆம் மாத்திரையிலும் 10ஆம் மாத்திரையிலும் வரும். இரண்டாவது திரகிட விழுந்தால் சமம் பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள். பாடகர் ‘முக்டா’ எனப்படும் எடுப்பைப் பாடி முதல் மாத்திரையில் வந்து இறங்குவார். அங்கே ஒரு தலையாட்டல் போதும். நிமிடத்துக்கு ஒன்று என்பதால் கழுத்துக்கும் நல்லது.

2. மீண்ட் போகும்போது வாயைத் திறக்காதீர்கள். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழை அறாமல் வழுக்கிப் போவது மீண்ட்; நம் ஜாருவின் உறவுக்காரர். தர்பாரியின் காந்தாரம் மத்யமத்திலிருந்து சரிந்து வரும், ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல அசையும், பிறகு ரிஷபத்தில் அமரும். இதற்கே இரண்டு மாத்திரை, அதாவது எட்டு விநாடி போகலாம். அந்த எட்டு விநாடியும் நீங்கள் ரிஷபத்துக்காகக் காத்துக் கிடக்கிறீர்கள். அந்தக் காத்திருப்புதான் மீண்டின் வேலை. நடுவில் ‘வாஹ்’ சொன்னால் முடிவதற்குள் சாப்பாட்டுக்குக் கிளம்பியவர் ஆவீர்கள். ரிஷபம் வந்து சேரட்டும். பிறகு ‘ஆஹா’, அதுவும் தணிந்த குரலில்.

3. சந்தேகம் வந்தால் ஹார்மோனியத்தைக் கவனியுங்கள். கட்டைக்குக் கட்டை சுருதி நிலையாக இருப்பதால் அதில் மீண்ட் வராது. பாடகர் வழுக்கும்போது அது படிப்படியாக இறங்கும், அல்லது மரியாதையாக ஒரே ஸ்வரத்தில் காத்திருக்கும். பாடகர் குரலிலும் அதே படிகள் கேட்டால் அது மீண்ட் அல்ல. நீங்கள் ‘ஆஹா’வைச் சேமித்துக்கொள்ளலாம். 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தடை செய்தபோது இந்தக் குறையும் பேசப்பட்டது. தடை பிறகு நீங்கியது, குறை நீங்கவில்லை.

4. தான்களில் ஸ்வரத்தைத் தேடாதீர்கள். அடுத்தது சோட்டா கயால். துருத தீன்தாலில் 16 மாத்திரையும் நான்கு விநாடியில் ஓடிவிடும். மாத்திரைக்கு இரண்டு ஸ்வரம் என்றாலே விநாடிக்கு எட்டு. பிருகா கேட்டுப் பழகிய காதும் இங்கே ஸ்வரங்களை ஒவ்வொன்றாகப் பிடிக்காது. ஏறியது, திரும்பியது, இறங்கியது என்ற உருவத்தைத்தான் பிடிக்கும். சற்று முன் எட்டு விநாடி ஆண்ட காந்தாரத்துக்கு இப்போது விநாடியில் எட்டில் ஒரு பங்குதான். அதற்குள் அது எங்கே அசைவது? அதனால் தேர்ந்தவர்கள் கமகத்தோடு உலுக்கிப் பாடுவார்கள். இறங்கும்போது க‑ம‑ரி‑ஸ என்ற வளைவை விடமாட்டார்கள். நி‑த‑ப‑ம‑க‑ரி‑ஸ என்று நேராக இறங்கினால் ஸ்வரங்கள் எல்லாம் சரியாகவே இருக்கும், ஆனால் ராகம் ஜோன்புரி வாசலில் போய் நிற்கும். கைதட்டல் அங்கேதான் அதிகம் கேட்கும். நீங்கள் மட்டும் தட்டாமல் லேசாகப் புருவத்தை உயர்த்துங்கள், மதிப்பு கூடும்.

5. தானுக்கு ‘வாஹ்’ சமத்தில் மட்டும். எத்தனை ஸ்வரம் பாடினார் என்பது பெரிதல்ல, எங்கே வந்து விழுந்தார் என்பதே பெரிது. கணக்குத் தவறினால் கடைசி நான்கைந்து ஸ்வரங்கள் நசுங்கும், முக்டாவின் முதல் சொல் பாதி விழுங்கப்படும், தபேலாக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். அப்போது கைக்குட்டையைத் தேடுங்கள். கவலை வேண்டாம், நான்கு விநாடியில் அடுத்த சமம் வந்துவிடும்.

6. இடைவேளையில் தான்களைப் பற்றிப் பேசாதீர்கள். அதை எல்லோரும் பேசுவார்கள். “காந்தாரம் எப்படி இருந்தது?” என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டிய நிலை வந்துவிட்டால் என்ன செய்வது? அதற்காக, போவதற்கு முன் உஸ்தாத் அமீர் கானின் (1912–1974) தர்பாரிப் பதிவை ஒருமுறை முழுதாகக் கேட்டுவிடுங்கள். தான் தவறினால் ஓர் ஆவர்த்தனம் போகும். மீண்ட் தவறினால் தர்பாரியே போகும். இது புரிந்துவிட்டால் நடிக்க வேண்டிய அவசியமே இராது. ஓசி டிக்கெட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, காசு கொடுத்தே போகலாம்.